480 யூனிட்டுக்கு 3,335 ரூபாய், 520 யூனிட்டுக்கு 4,355 ரூபாய்: கேரள கரண்ட் பில்லின் கணக்கு

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து மாறி வந்து பாலக்காடு மாவட்டம் சித்தூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். சிங்கிள் ஃபேஸ் இணைப்பு. போன பில்லில் 480 யூனிட், 3,335 ரூபாய். இந்த முறை 520 யூனிட், 4,355 ரூபாய். நாற்பது யூனிட் கூடினதுக்கு ஆயிரத்து இருபது ரூபாயா? மீட்டரைப் பார்த்தேன், ரீடிங் சரியாகத்தான் எடுத்திருக்கிறார்கள். ஃபிக்ஸட் சார்ஜ், எனர்ஜி சார்ஜ், டியூட்டி, சர்சார்ஜ் என்று என்னென்னவோ போட்டிருக்கிறது. எதை எதோடு கூட்டி இந்தத் தொகை வருகிறது?

பதில்:

பில் சரி. யாரும் உங்களை ஏமாற்றவில்லை. அந்த 1,020 ரூபாயில் 688 ரூபாய் ஒரே ஒரு யூனிட்டால் வந்தது, 501-வது யூனிட்டால். அது எப்படி என்று புரிய, முதலில் உங்கள் பழைய 480 யூனிட் பில்லை வரி வரியாகக் கட்டிப் பார்த்துவிடுவோம்.

கீழே நான் எடுத்துக்கொள்ளும் விலைகள் கேரள மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2024 டிசம்பர் 5 அன்று போட்ட உத்தரவில், 2025 ஏப்ரல் 1 முதல் வீட்டு இணைப்புகளுக்கு என்று நிர்ணயித்தவை. உங்கள் இரண்டு பில்களும் இந்த விலைகளோடு ரூபாய்க்கு ரூபாய் ஒத்துப்போகின்றன.

உத்தரவில் எல்லாமே மாதக் கணக்கில் இருக்கும். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுப்பதால், பில் போடும்போது ஒவ்வொரு அடுக்கும் இரட்டிப்பாகும். மாதம் 50 யூனிட் என்பது பில்லில் 100 யூனிட். மாதம் 250 என்பது 500. இதைக் கவனிக்காமல் இணையத்தில் கிடைக்கும் மாத அட்டவணையை அப்படியே வைத்துக் கணக்குப் போட்டு, "எனக்குக் கூடுதலாகப் போட்டுவிட்டார்கள்" என்று செக்‌ஷன் ஆபீஸில் போய் நிற்பவர்கள் நிறையப் பேர்.

எனர்ஜி சார்ஜ்தான் பில்லின் முதுகெலும்பு. மாதம் 250 யூனிட் வரை, அதாவது பில்லில் 500 வரை, படிப்படியாக ஏறும் விலை. முதல் 100 யூனிட்டுக்கு 3.35 ரூபாய், அடுத்த 100-க்கு 4.25, அடுத்த 100-க்கு 5.35, அடுத்த 100-க்கு 7.20, கடைசி 100-க்கு 8.50. நீங்கள் எத்தனை யூனிட் ஓட்டினாலும் (500-க்குள் இருக்கும்வரை) முதல் 100 யூனிட்டுக்கு 3.35-தான். மேல் அடுக்குக்குப் போன யூனிட்டுகளுக்கு மட்டுமே மேல் விலை. இந்த முறையை அங்கே டெலஸ்கோப்பிக் என்பார்கள்.

480 யூனிட்டை இதில் போட்டால்:

100 × 3.35 = 335
100 × 4.25 = 425
100 × 5.35 = 535
100 × 7.20 = 720
80 × 8.50 = 680
எனர்ஜி சார்ஜ் மொத்தம் = 2,695.00

அடுத்து டியூட்டி. இது மின்வாரியத்துக்குப் போகும் பணம் அல்ல, மாநில அரசுக்குப் போகும் தீர்வை. 1963-ஆம் ஆண்டின் கேரள மின்தீர்வைச் சட்டத்தின்படி வீட்டு இணைப்புக்கு எனர்ஜி சார்ஜில் பத்து சதவீதம். கவனிக்க வேண்டியது, அது எனர்ஜி சார்ஜின் மீது மட்டுமே விழுகிறது என்பது. ஃபிக்ஸட் சார்ஜ், மீட்டர் வாடகை எதுவும் அந்தப் பத்து சதவீதக் கணக்கில் சேராது. மும்பைப் பக்கம் உறவினர் இருந்தால் அவர்கள் பில்லோடு ஒப்பிடாதீர்கள். மகாராஷ்டிரத்தில் டியூட்டி 16 சதவீதம்; அது ஃபிக்ஸட் சார்ஜையும் சேர்த்துத்தான் போடப்படுகிறது. உங்கள் பில்லில் 2,695-க்குப் பத்து சதவீதம், 269.50.

மூன்றாவது ஃபிக்ஸட் சார்ஜ். பெயர்தான் நிலையானது, கேரளத்தில் அது நிலையாக இருப்பதில்லை. பல மாநிலங்களில் இணைப்பின் கிலோவாட் அளவை வைத்து இதைப் போடுவார்கள், அதனால் பயன்பாடு எவ்வளவு ஏறி இறங்கினாலும் தொகை மாறாது. கேரள வீட்டு இணைப்பில் நீங்கள் அந்த இரண்டு மாதத்தில் எந்த அடுக்கில் போய் நின்றீர்கள் என்பதை வைத்து இது மாறும். சிங்கிள் ஃபேஸுக்கு மாதம் 50 யூனிட்டுக்குள் நின்றால் மாதம் 50 ரூபாய், 100-க்குள் 85, 150-க்குள் 105, 200-க்குள் 140, 250-க்குள் 160. 250 தாண்டி 300-க்குள் என்றால் 220. மூன்று ஃபேஸ் என்றால் இந்த அடுக்குகளில் இதைவிடக் கூடுதல். உங்கள் மாத சராசரி 240, ஆகவே மாதம் 160, இரண்டு மாதத்துக்கு 320.

எனர்ஜி சார்ஜில் அடுக்கு தாண்டுவது மெதுவான ஏற்றம். ஃபிக்ஸட் சார்ஜில் அது ஒரு படி. பில்லில் 300 யூனிட்டில் நின்றவர் 301 போட்டால், அந்த ஒரு யூனிட்டுக்கு 7.20 ரூபாயோடு, ஃபிக்ஸட் சார்ஜில் மாதம் 35 வீதம் 70 ரூபாய் கூடுகிறது. பெரிய தொகை இல்லை என்பதால் யாரும் கவனிப்பதில்லை.

மிச்சமிருப்பவை சில்லறை. மீட்டர் வாடகை சிங்கிள் ஃபேஸுக்கு மாதம் 6 ரூபாய், இரண்டு மாதத்துக்கு 12. அதன் மேல் முன்பு 18 சதவீத ஜிஎஸ்டி இருந்தது, 2024 அக்டோபரில் அது எடுக்கப்பட்டுவிட்டது. மின்சாரத்துக்கும் ஜிஎஸ்டி கிடையாது. பிறகு எரிபொருள் சர்சார்ஜ். வெளியிலிருந்து வாங்கும் மின்சாரத்தின் விலை கூடும்போது வாரியம் யூனிட்டுக்குச் சில பைசா சேர்த்து வசூலிப்பது இது. மாதத்துக்கு மாதம் மாறும், சில மாதம் இல்லாமலும் போகும். உங்கள் 3,335-இலிருந்து மற்றதையெல்லாம் கழித்தால் 38.50 ரூபாய் நிற்கிறது. அதை 480-ஆல் வகுத்தால் சுமார் 8 பைசா. அந்த வரியில் உங்களுக்குப் போட்டது அதுதான்.

எல்லாவற்றையும் கூட்டினால்:

எனர்ஜி சார்ஜ் 2,695.00
டியூட்டி 269.50
ஃபிக்ஸட் சார்ஜ் 320.00
மீட்டர் வாடகை 12.00
எரிபொருள் சர்சார்ஜ் 38.40
மொத்தம் 3,334.90

முழு ரூபாயாக்கினால் 3,335.

இப்போது புது பில். 520 யூனிட், மாத சராசரி 260. 250-ஐத் தாண்டிய உடனே படிப்படியான கணக்கு ரத்தாகிறது. 80 யூனிட்டுக்குப் பதில் 100, அதற்கு மேல் 20 யூனிட்டுக்கு ஒரு புது விலை என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். நடப்பது அதுவல்ல. முதல் யூனிட்டிலிருந்து கடைசி யூனிட் வரை எல்லாவற்றுக்கும் ஒரே விலை, 6.75 ரூபாய். 3.35-க்கும் 4.25-க்கும் கிடைத்துக்கொண்டிருந்த முதல் 200 யூனிட்டின் சலுகை போய்விடுகிறது.

520 × 6.75 = 3,510.00
டியூட்டி 351.00
ஃபிக்ஸட் சார்ஜ், மாதம் 220 வீதம் 440.00
மீட்டர் வாடகை 12.00
எரிபொருள் சர்சார்ஜ், 8 பைசா வீதம் 41.60
மொத்தம் 4,354.60

அட்டவணையைப் பார்க்கும் பலர் ஏமாறும் இடம் இது. 500 வரை கடைசி அடுக்கின் விலை 8.50, அதைத் தாண்டினால் 6.75. "தாண்டினால் விலை குறைகிறதே, நல்லதுதானே" என்று தோன்றும். ஆனால் 8.50 என்பது கடைசி 100 யூனிட்டுக்கு மட்டும். 500 யூனிட்டுக்கும் சேர்த்துப் பார்த்தால் எனர்ஜி சார்ஜ் 2,865 ரூபாய். சராசரி யூனிட்டுக்கு 5.73. அந்த 5.73 எல்லா யூனிட்டுக்கும் 6.75 ஆகிறது. ஒரு ரூபாய் இரண்டு பைசா வித்தியாசம், 500 யூனிட்டுக்கும் சேர்த்து 510 ரூபாய். பள்ளம் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் 1,020 ரூபாயை மூன்று துண்டாகப் பிரித்தால் இது இன்னும் தெளிவாகும். 480-இலிருந்து 500 வரை போன இருபது யூனிட்டுக்கு ஆன செலவு 188.60. யூனிட்டுக்கு 8.50, அதன் மேல் டியூட்டி 85 பைசா, சர்சார்ஜ் 8 பைசா, ஆக 9.43. அடுத்து 500-இலிருந்து 501. எனர்ஜி சார்ஜ் 2,865-இலிருந்து 3,381.75-க்குத் தாவுகிறது, 516.75 கூடுதல். அதற்கு டியூட்டி 51.68. ஃபிக்ஸட் சார்ஜ் 320-இலிருந்து 440. எட்டு பைசா சர்சார்ஜையும் சேர்த்தால் அந்த ஒரு யூனிட்டின் விலை 688.51. பிறகு 501-இலிருந்து 520 வரை பத்தொன்பது யூனிட்டுக்கு வெறும் 142.59. ஆக, இருபது யூனிட் குறைத்திருந்தால் உங்கள் பில் 3,523.50-இல் நின்றிருக்கும்.

இதற்குப் பின்னால் ஒரு நியாயம் உண்டு. ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். கீழ் அடுக்குகளின் விலை, மின்சாரத்தை வாங்கி வீடு வரை கொண்டுவர ஆகும் செலவைவிடக் குறைவு. அந்தச் சலுகை குறைவாகப் பயன்படுத்தும் வீடுகளுக்கு என்று வைத்தது. மாதம் 250-க்கு மேல் போகிறவர் அந்தச் சலுகைக்கு உரியவர் இல்லை என்று ஆணையம் கோடு போட்டிருக்கிறது. சலுகையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்காமல் ஒரே வெட்டில் எடுப்பதுதான் எனக்கு உறுத்தல். 500-உம் 501-உம் ஓட்டுகிற இரண்டு வீடுகளுக்குள் வாழ்க்கைத் தரத்தில் எந்த வித்தியாசமும் இல்லை.

கோயம்புத்தூரில் இருந்தபோதும் இதே 500 கோடு உங்களுக்கு இருந்தது, கவனித்திருக்க மாட்டீர்கள். தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விலையில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓட்டினால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 2.35, அடுத்த 200-க்கு 4.70, கடைசி 100-க்கு 6.30, மொத்தம் 1,805. ஒரு யூனிட் கூடி 501 ஆனால், 101 முதல் 200 வரைக்கான 2.35 காணாமல் போய் அதுவும் 4.70 ஆகிவிடும், மொத்தம் 2,048.40. அங்கே அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய். வீட்டு இணைப்புக்கு ஃபிக்ஸட் சார்ஜ் 2022 செப்டம்பரிலேயே எடுக்கப்பட்டுவிட்டதால் அந்தப் படி இல்லை. பள்ளம் ஒன்றுதான், ஆழம்தான் வேறு.

கேரளத்தில் 500-ஐத் தாண்டிய பிறகும் இப்படிப்பட்ட பள்ளங்கள் இருக்கின்றன. பில்லில் 600 வரை எல்லா யூனிட்டுக்கும் 6.75, 700 வரை 7.60, 800 வரை 7.95, 1,000 வரை 8.25, அதற்கு மேல் 9.20. ஒவ்வொன்றும் முதல் யூனிட்டிலிருந்தே. 600-இலிருந்து 601-க்குப் போனால் டியூட்டி, ஃபிக்ஸட் சார்ஜ் எல்லாம் சேர்த்து சுமார் 609 ரூபாய் கூடும். 1,000-இலிருந்து 1,001 என்றால் 1,100 ரூபாய்க்கு மேல். கோடைப் பில்லில் இரண்டு ஏசி ஓடும் வீடுகளில் இந்தக் கடைசிக் கோடுதான் அடிக்கும்.

மாதம் 250-க்கு மேல் போனால் இன்னொன்றும் உண்டு, நேரவாரி விலை. காலை 6 முதல் மாலை 6 வரை ஓடிய யூனிட்டுகளுக்கு விலையில் 90 சதவீதம், மாலை 6 முதல் இரவு 10 வரை 125 சதவீதம், இரவு 10 முதல் காலை 6 வரை அப்படியே 100 சதவீதம். இதற்கு நேரத்தைப் பிரித்துப் பதியும் மீட்டர் வேண்டும். உங்கள் 4,355 எல்லா யூனிட்டுக்கும் 6.75 போட்டால் அப்படியே வருகிறது. ஆகவே உங்கள் பில்லில் நேரவாரிக் கணக்கு போடப்படவில்லை. மீட்டர் மாறி அது வந்தால் என்னாகும் என்று பார்க்கலாம். அதே 520-இல் பகலில் 240, மாலையில் 120, இரவில் 160 என்று வைத்துக்கொண்டால் எனர்ஜி சார்ஜ் 1,458, 1,012.50, 1,080, ஆக 3,550.50. நாற்பது ரூபாய் கூடுகிறது. பகல் யூனிட் மாலை யூனிட்டைப்போல் இரண்டரை மடங்கு இருந்தால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதற்கு மேல் பகலில் ஓட்டினால் லாபம். மோட்டாரும் வாஷிங் மெஷினும் அயர்ன் பாக்ஸும் மாலை ஆறு மணிக்கு முன்னால் ஓடி முடிந்தால் போதும்.

நடைமுறையில் உங்களுக்கு வேண்டியது ஒரு எண். 500-ஐ 60 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 8.33 யூனிட். ரீடிங் எடுத்த அன்று பில்லில் இருக்கும் இப்போதைய ரீடிங்கை மீட்டர் பெட்டிக்குள் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டுங்கள். டிஜிட்டல் மீட்டரில் எண்கள் மாறி மாறி வரும். தேதி, நேரம், வோல்ட்டேஜ் எல்லாம் ஓடும். kWh என்று பக்கத்தில் காட்டும் எண்ணைத்தான் எடுக்க வேண்டும். முப்பதாவது நாள் ஒருமுறை, நாற்பத்தைந்தாவது நாள் ஒருமுறை பார்த்தால் போதும். நாற்பத்தைந்தாவது நாளில் 400 யூனிட் ஓடியிருந்தால் நாளுக்கு 8.9 வேகம், அப்படியே விட்டால் 533-இல் முடியும். மிச்சம் 15 நாளில் 100 யூனிட்டுக்குள், அதாவது நாளுக்கு 6.7-க்குள் வந்தால் தப்பலாம். 480-இல் இருப்பவர் கடைசி இரண்டு நாள் கெய்சரை அணைத்தாலே போதும். 560-ஐ நோக்கிப் போகிறவர் கடைசி வாரத்தில் என்ன செய்தாலும் தப்ப மாட்டார். ஆகவே பார்ப்பது நடுவில் இருக்க வேண்டும், கடைசியில் அல்ல.

எதைக் குறைப்பது என்பதற்கு ஒரு கணக்கு. பாலக்காட்டு வெயிலில் பழைய 75 வாட் மின்விசிறி மூன்று, நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 202 யூனிட். அதே மூன்றும் 30 வாட் பிஎல்டிசி விசிறியாக இருந்தால் 81 யூனிட். 121 யூனிட் மிச்சம். உங்கள் 520 அப்போது 400-க்கும் கீழே வந்துவிடும். லைட்டை அணைப்பது பற்றி வீட்டில் சண்டை போடுவதைவிட இது உருப்படியான வேலை. ஒன்பது வாட் எல்இடி பல்பு ஒரு யூனிட் தின்ன நூற்றுப் பதினோரு மணி நேரம் ஆகும். இரண்டாயிரம் வாட் கெய்சர் அரை மணி நேரத்தில் தின்றுவிடும்.

வாடகை வீடு என்றீர்கள். ஒரே மீட்டரில் மாடி வீடும் கீழ்வீடும் சேர்ந்து ஓடுகிறதா என்று பாருங்கள். 520 யூனிட் உண்மையில் இரண்டு குடும்பம் தலா 260 ஓட்டியது என்றால், தனித்தனி இணைப்பில் ஒவ்வொருவருக்கும் எனர்ஜி சார்ஜ் 335, 425, மேலும் 60 யூனிட்டுக்கு 321, ஆக 1,081. டியூட்டி 108.10, ஃபிக்ஸட் சார்ஜ் 210, மீட்டர் வாடகை 12, சர்சார்ஜ் 20.80. ஒரு வீட்டுக்கு 1,432. இரண்டுக்கும் சேர்த்து 2,864. ஒரே மீட்டரில் 4,355. ஒவ்வொரு பில்லுக்கும் கிட்டத்தட்ட 1,490 ரூபாய் வீணாகிறது. தனிச் சமையலறை, தனி வாசல் என்று தனி வீடாகவே இருந்தால் இரண்டாவது இணைப்புக்கு வீட்டுக்காரர் விண்ணப்பிக்கலாம். சப்-மீட்டர் வைத்து "யூனிட்டுக்குப் பத்து ரூபாய்" என்று வசூலிக்கிறவர்களிடம் அசல் பில்லைக் கேட்டு வாங்கி, மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்துப் பாருங்கள். உங்கள் பில்லில் அது யூனிட்டுக்கு 8.38-தான் வருகிறது.

பில் உண்மையிலேயே தவறாக இருக்க வாய்ப்புள்ள இடங்கள் சில உண்டு. முதலில் தேதி. முந்தைய ரீடிங் தேதிக்கும் இந்த ரீடிங் தேதிக்கும் இடையே எத்தனை நாள் என்று எண்ணுங்கள். ரீடிங் எடுப்பவர் ஆறு நாள் தாமதமாக வந்து 66 நாளில் 540 யூனிட் பதிவாகியிருந்தால், அறுபது நாளுக்கு அது 491 யூனிட்தான். அப்படி ஒரு பில்லில் எல்லா யூனிட்டுக்கும் 6.75 போட்டிருந்தால், செக்‌ஷன் ஆபீஸில் இந்த சராசரிக் கணக்கைக் காட்டிக் கேளுங்கள். 2020 ஊரடங்கில் ரீடிங் பல வாரம் தள்ளிப்போனபோது மாநிலம் முழுக்க எழுந்த புகார் இதுதான்.

இரண்டாவது, வீடு பூட்டியிருந்த பில். ரீடிங் எடுக்க முடியாமல் பழைய சராசரியை வைத்துப் போட்டிருப்பார்கள். அடுத்த முறை நான்கு மாத யூனிட்டும் ஒன்றாகக் காட்டும். ஆயிரம் யூனிட் என்றால் பயமாக இருக்கும். அதை நான்கு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 250, படிப்படியான கணக்குக்குள்தான் வருகிறது. பிரித்திருக்கிறார்களா, முன்பு கட்டிய சராசரித் தொகையைக் கழித்திருக்கிறார்களா, இரண்டையும் பாருங்கள்.

மூன்றாவது தவறல்ல, ஆனால் தவறு மாதிரித் தெரியும். காப்புத்தொகை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் வரும் இணைப்புக்கு, மாத சராசரி பில்லைப்போல் மூன்று மடங்கு வாரியத்திடம் காப்பாக இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை அதைச் சரிபார்த்து, பயன்பாடு கூடியிருந்தால் மிச்சத்தைக் கட்டச் சொல்வார்கள். அந்த முறை பில் தொகை திடீரென்று உயரும். அது கட்டணமல்ல, உங்கள் கணக்கில்தான் இருக்கும், அதற்கு வட்டியும் பில்லில் கழித்துத் தருவார்கள். வாடகைக்கு இருப்பவர் இதைக் கட்டினால் வீடு மாறும்போது வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டும், ஏனென்றால் இணைப்பு அவர் பெயரில் இருக்கிறது. ரசீதை வைத்திருங்கள்.

எதிலும் தவறு இல்லாமல் யூனிட்டே நம்ப முடியாத அளவில் இருந்தால், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கைப் பத்து நிமிடம் பாருங்கள். பிறகும் சிமிட்டினால் மெயினுக்கு முன்னாலேயே யாரோ இணைப்பு எடுத்திருக்கிறார்கள் அல்லது மீட்டரில் கோளாறு. நின்றுவிட்டால், மெயினைப் போட்டு எல்லா எம்சிபியையும் அணைத்து ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும், எந்தக் கருவியும் ஓடாதபோதே, சிமிட்ட ஆரம்பிக்கிறதோ அந்த ஒயரிங்கில் கசிவு இருக்கலாம். மீட்டரின் முகப்பில் 3200 imp/kWh என்பது போல ஓர் எண் இருக்கும். 3,200 சிமிட்டலுக்கு ஒரு யூனிட் என்று பொருள். ஆயிரம் வாட் அயர்ன் பாக்ஸை மட்டும் போட்டால் அந்த மீட்டரில் நிமிடத்துக்கு 53 தடவை சிமிட்ட வேண்டும். அயர்ன் பாக்ஸ் சூடேறியதும் தானாக நின்றுவிடும் என்பதால் போட்ட முதல் நிமிடத்திலேயே எண்ணுங்கள். ஐம்பதுக்குப் பக்கத்தில் வந்தால் மீட்டரில் குறையில்லை. எழுபது, எண்பது என்று வந்தால், மீட்டரைச் சோதிக்கச் சொல்லி எழுத்தில் விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள்.